பிலிப்பியர் 4:10-13, இருபது நிமிஷம்: என் பிரசங்கம் 43 நிமிஷம் ஓடுது, எங்க வெட்டுறது?

புதுப்பேனா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் முழுநேர ஊழியக்காரன் இல்ல, வேலைக்கு போறவன், சபையில எப்பவாவது செய்தி கொடுக்க சொல்லுவாங்க. இந்த தடவ பிலிப்பியர் 4:10-13 எடுத்திருக்கேன், பவுல் சிறையில இருந்து பிலிப்பி சபைக்கு எழுதின கடிதத்துல நாலே வசனம். வசனம் வசனமா விளக்கி பேசணும்னு ஆசை. போதகர் கண்டிப்பா சொல்லிட்டார், இருபது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட கிடையாது.

நேத்து போன்ல ரெக்கார்ட் பண்ணி பாத்தேன், 43 நிமிஷம். எழுதினது ஒன்பது பக்கம். தலைப்பு மூணு: கற்றுக்கொண்ட மனம், கலங்காத மனம், கர்த்தரின் பெலன். ஸ்தோயிக் தத்துவம் பத்தி ஒரு பகுதி, அப்போஸ்தலர் 16ல பவுலும் சீலாவும் ராத்திரி ஜெயில்ல பாடினது, யோபு, தாவீது, ஆபகூக் 3:17 அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், எல்லாமே இருக்கு. எதையும் விட மனசு வரல.

இன்னொரு பிரச்சனை, சபை கலந்த சபை. அம்மா மடியில இருக்கிற குழந்தைல இருந்து முப்பது வருஷமா வேதம் வாசிக்கிற பெரியவங்க வரைக்கும், முதல் தடவ வர்றவங்களும் உண்டு. யாருக்குன்னு பேசுறது? வழி சொல்லுங்க.

பாட்டுக்காரி எழுதியது:

பிரதர், கலந்த சபைன்னா ரெண்டு மொழியா? மொழிபெயர்ப்பாளர் பக்கத்துல நின்னா இருபது நிமிஷம்ங்கிறது பத்து நிமிஷம்தான், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. எங்க சபையில ஒருத்தர் இது தெரியாம முழுசா தயார் பண்ணிட்டு வந்து பாதியில நின்னுட்டார், முடிவுரையே வரல. மொழிபெயர்ப்புன்னா வாக்கியமும் சின்னதா இருக்கணும், நீளமா போனா அவர் முதல் பாதிய மறந்துடுவார்.

புதுப்பேனா எழுதியது:

இல்ல சிஸ்டர், ஒரே மொழிதான். வயசு, படிப்பு, விசுவாச அனுபவம்னு கலந்த சபைய சொன்னேன். ஆனா சின்ன வாக்கியம்னு சொன்னது எனக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன், என் வாக்கியம் எல்லாம் ரயில் மாதிரி இருக்கு.

மூணுபாயிண்ட் எழுதியது:

இது ஒரு பெரிய விஷயமே இல்ல பிரதர். மூணு தலைப்பு, தலைப்புக்கு ஆறு நிமிஷம், ஆரம்பம் ஒரு நிமிஷம் முடிவு ஒரு நிமிஷம், மொத்தம் இருபது. உங்க மூணு தலைப்பும் ‘க’ல ஆரம்பிக்குது, ஞாபகத்துல நிக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு உதாரணம், அதே கருத்து வர்ற ஒரு ஒத்த வசனம். நான் பதினஞ்சு வருஷமா இப்படித்தான் பண்றேன்.

ஆலமரநிழல் எழுதியது:

மூணுபாயிண்ட் பிரதர் சொன்னதுல நேரத்த முன்னாடியே பங்கு போடணும்ங்கிறது சரி. ஆனா சமபங்கு போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஏன்னா பகுதி சமமா எழுதப்படல. இந்த நாலு வசனத்துல வெயிட் எங்க இருக்குன்னு பாருங்க. 11ல கற்றுக்கொண்டேன், 12ல தெரியும், மறுபடியும் தெரியும், அப்புறம் போதிக்கப்பட்டேன். ரெண்டே வசனத்துல நாலு தடவ ஒரே விஷயத்த சுத்தி சுத்தி வர்றார். அப்போ பிரசங்கத்தோட நடுப்பகுதியும் அங்கதான் கனமா இருக்கணும்.

புதுப்பேனா தம்பி, உங்க மூணு தலைப்பையும் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு முதல்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. பகுதி என்ன சொல்லுது, ஒரே வாக்கியத்துல, ‘மற்றும்’ போடாம. நான் எழுதினா இப்படி எழுதுவேன்: குறைவிலும் நிறைவிலும் நிலைகுலையாம நிக்க பவுல் கத்துக்கிட்டார், அப்படி நிக்கிற பெலன் கிறிஸ்து கொடுத்தது. அவ்ளோதான். இத எழுதினதுக்கு அப்புறம் ஒன்பது பக்கத்தையும் எடுத்து ஒவ்வொரு பத்தி மேலயும் விரல வெச்சு, இது அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யுதான்னு கேளுங்க. நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அதனாலதான் 43 நிமிஷம் ஆச்சு.

‘கலங்காத மனம்’னு ஒரு தலைப்பு வெச்சிருக்கீங்க. கலக்கம் பத்தி இந்த நாலு வசனத்துல ஒரு வார்த்தை இல்ல. அது 6, 7 வசனத்துல, ஒன்றுக்குங் கவலைப்படாமல்ங்கிற இடத்துல இருக்கு. ‘க’ வேணுங்கிறதுக்காக பக்கத்து வீட்டு பாத்திரத்த தூக்கிட்டு வந்துட்டீங்க. எதுகை தேவைன்னா பகுதியிலயே இருக்கு பாருங்க: தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும். பழைய மொழிபெயர்ப்பு நமக்கு இலவசமா கொடுத்தது. சின்ன பையனும் வீட்டுக்கு எடுத்துட்டு போவான்.

கிரேக்கமாணவன் எழுதியது:

ஒரு முக்கியமான விஷயம் யாரும் சொல்லல. 11ல மனரம்மியம், அதாவது போதும்ங்கிற மனசுன்னு இருக்கிற இடத்துல கிரேக்க மூலத்துல ஆட்டார்கேஸ்னு ஒரு சொல். ஸ்தோயிக் ஆளுங்க ரொம்ப மதிச்ச சொல் அது, வெளிய எதையும் நம்பாம தன்னிறைவா இருக்கிறது. பவுல் அந்த சொல்ல எடுத்து தலைகீழா ஆக்குறார், தன்னால இல்ல, இன்னொருத்தர் தர்ற பெலத்தால. 12ல போதிக்கப்பட்டேன்னு வர்றது கூட சாதாரண கல்வி இல்ல, ரகசிய சமயங்கள்ல தீட்சை வாங்குறதுக்கு சொல்ற வினை. 13ல ‘கிறிஸ்து’ங்கிற பெயரே பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல, ‘என்னைப் பெலப்படுத்துகிறவர்’னுதான் இருக்கு. இதெல்லாம் சொல்லலன்னா அது விளக்கவுரையே கிடையாது.

ஆலமரநிழல் எழுதியது:

நீங்க சொன்ன மூணும் சரி தம்பி. தயாரிக்கும்போது கண்டிப்பா பாக்கணும். ஆனா மேடைக்கு எது போகணும்ங்கிறது வேற கேள்வி. முதலாவது, அந்த சொல்ல உச்சரிக்காமலே பலன மட்டும் கொண்டு போகலாம்: “அந்த காலத்துல பெரிய அறிவாளிங்க எனக்கு யாரும் தேவையில்லன்னு சொல்றதுதான் உயர்ந்த நிலைன்னு நினைச்சாங்க, பவுல் அதே வார்த்தைய எடுத்துட்டு, எனக்கு ஒருத்தர் தேவைன்னு முடிக்கிறார்.” பதினஞ்சு வினாடி. இவரோட நாலு நிமிஷ ஸ்தோயிக் பகுதி இதுல அடங்கிடும்.

கையெழுத்துப் பிரதி விஷயத்த விட்டுடுங்க. பொய் ஆகிடும்ங்கிறதுக்காக சொல்லல. பெலப்படுத்துறவர் யாருன்னு கடிதம் முழுக்க தெளிவா இருக்கு, அர்த்தம் மாறாது. ஆனா முதல் தடவ வந்தவர் காதுல “உங்க வேதத்துல இருக்கிற பேர் மூலத்துல இல்ல”ன்னு விழுந்துட்டா மிச்ச பத்து நிமிஷமும் அவர் அதையே யோசிச்சிட்டு இருப்பார். வேதபாட வகுப்புல அரை மணி நேரம் எடுத்து சொல்லுங்க, நானே வந்து உக்காருவேன்.

கிரேக்கமாணவன் எழுதியது:

மறைக்கிற மாதிரி இருக்கு எனக்கு. வீட்டுக்கு போய் வேற மொழிபெயர்ப்புல பாத்துட்டு ஒருத்தர் கேட்டா?

ஆலமரநிழல் எழுதியது:

கேட்டா அப்போ பதில் சொல்லணும், அதுக்குத்தான் படிச்சு வெச்சிருக்கணும். மத்தபடி நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நான் இப்படி செய்யுறேன், நீங்க வேற மாதிரி செய்யலாம்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் பிரசங்கி இல்ல, கேக்குறவன். இதே வசனத்துல ஒருத்தர் பேசினத கேட்டிருக்கேன். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு”, அதனால பரீட்சையில ஜெயிப்ப, இன்டர்வியூல ஜெயிப்ப, ஆமென் சொல்லுன்னார். நானும் சத்தமா ஆமென் சொன்னேன். அந்த இன்டர்வியூல ஃபெயில். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான் மேல இருக்கிற வசனத்தையே படிச்சேன், பட்டினியாயிருக்கவும்னு எழுதியிருக்கு. அத அன்னைக்கு யாரும் வாசிக்கவே இல்ல.

மேரியக்கா எழுதியது:

எனக்கு இதுக்கு நேர் எதிர் அனுபவம். நானே பெண்கள் கூடுகையில இந்த பகுதிய பேசினேன். போதும்ங்கிற மனசு, முறுமுறுக்காம இருக்கணும், அப்படி இப்படின்னு நல்லாத்தான் போச்சுன்னு நினைச்சேன். முடிஞ்சதும் ஒரு வயசான அம்மா வந்து என் கைய பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாங்க, “அப்போ மருந்து வாங்க மகன் கிட்ட காசு கேக்கக் கூடாதாம்மா? கேட்டா அது விசுவாசம் இல்லையா?” எனக்கு பதில் வரல. வீட்டுக்கு வந்து அழுதேன். தப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அவங்க தோள்ல ஒரு மூட்டைய ஏத்தி அனுப்பியிருக்கேன்.

ஆலமரநிழல் எழுதியது:

மேரியக்கா, இத எழுதினதுக்கு நன்றி, இந்த இழையிலயே முக்கியமான பதிவு இதுதான். பகுதிய எங்க வெட்டுறோம்ங்கிறதுல இருக்கு விஷயம். 13ல நிறுத்தினா அந்த அம்மா கேட்ட கேள்விதான் வரும். 14ஐயும் சேத்து வாசிங்க: “ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது.” இந்த ‘ஆனாலும்’ பவுலே போட்ட பிரேக். நான் பட்டினியிலயும் நிப்பேன், ஆனாலும் நீங்க உதவி அனுப்பினது நல்ல காரியம்ங்கிறார். இந்த கடிதமே ஒரு வகையில காணிக்கைக்கு எழுதின நன்றிக் கடிதம், எப்பாப்பிரோதீத்து கையில அனுப்பினது வந்து சேந்ததுன்னு 18ல சொல்றார். அப்போ மனரம்மியம்ங்கிறது கேக்குறவங்க வாயை அடைக்கிற பூட்டு இல்ல, கொடுக்கிறவங்களுக்கு சாக்கும் இல்ல.

அதனால தம்பி, 10-14 எடுங்க. ஒரு வசனம் கூடினா நேரம் கூடாது, குறையும். ஏன்னா முடிவுரைக்கு நீங்க தனியா ஒண்ணும் தேட வேண்டாம், 14தான் முடிவுரை.

புதுப்பேனா எழுதியது:

ஐயா, அப்போ வரிசை எப்படி போடுறது? 10ல ஆரம்பிச்சு 14 வரை நேரா போகவா, இல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச 13ல ஆரம்பிக்கவா?

ஆலமரநிழல் எழுதியது:

ரெண்டும் செய்யலாம். நான் போட்டா இப்படி போடுவேன், நிமிஷத்தோட சொல்றேன்.

முதல் ரெண்டு நிமிஷம், 13ஆம் வசனம். பலர் வீட்டு சுவத்துல இருக்கு, மனப்பாடமா தெரியும். “இத எழுதினப்போ அவர் கையில விலங்கு இருந்துச்சு. அப்போ எல்லாத்தையும் செய்யலாம்னு எத சொல்றார்?” கேள்விய அங்க விட்டுடுங்க, பதில் சொல்லாதீங்க. முப்பது வருஷம் படிச்சவருக்கும் இது புதுசா இருக்கும், முதல் தடவ வந்தவருக்கும் புரியும். கலந்த சபைக்கு எல்லாருக்கும் தனித்தனியா ஒரு துண்டு வெட்டி கொடுக்க நினைச்சா நேரம் போயிடும். எல்லாரையும் ஒரே கேள்வியில உக்கார வைக்கணும்.

அடுத்து நாலு நிமிஷம், அஞ்சு வசனத்தையும் நிதானமா வாசிச்சு காட்சிய வையுங்க. வாசிக்க ஒரு நிமிஷம் தாண்டாது. பவுல் யாருன்னு ஒரு வாக்கியம் கண்டிப்பா வேணும், ‘நமக்கெல்லாம் தெரிஞ்ச பவுல்’னு ஆரம்பிச்சா புதுசா வந்தவர் அங்கயே வெளிய நின்னுடுவார். சிறையில இருக்கிறவனுக்கு அந்த காலத்துல வெளிய இருக்கிற சொந்தக்காரங்க, சிநேகிதங்கதான் சாப்பாடும் துணியும் பாத்துக்கணும், அத சொன்னாதான் பட்டினிங்கிற வார்த்தைக்கு உயிர் வரும். கூடவே, கொண்டு வந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு சாவு வரைக்கும் போனார்னு 2ஆம் அதிகாரத்துல இருக்கு.

அப்புறம் ஏழு நிமிஷம் 11, 12. இதுதான் வயிறு. கற்றுக்கொண்டேன்னா முன்னாடி தெரியாதுன்னு அர்த்தம், அத அழுத்துங்க, கேக்குறவங்களுக்கு மூச்சு வரும். அப்புறம் பெரும்பாலான பிரசங்கிகள் தாழ்ந்திருக்கவும்ங்கிறத மட்டும் பேசிட்டு போயிடுவாங்க, வாழ்ந்திருக்கவும்ங்கிறத விட்டுடுவாங்க. கையில நிறைய இருக்கும்போது எப்படி இருக்கணும்னும் கத்துக்க வேண்டியிருந்துச்சுங்கிறார். சபையில வசதியா உக்காந்திருக்கிறவருக்கு அங்கதான் செய்தி. இதுக்கு மூணு நிமிஷமாவது கொடுங்க.

இந்த இடத்துல வார்த்தையிலயும் ஜாக்கிரதை. மனரம்மியம்னா இப்ப சின்ன பசங்களுக்கு தெரியாது. வாழ்ந்திருக்கன்னா உயிரோட இருக்கிறதுன்னு நினைப்பாங்க, இங்க அது வசதியா இருக்கிறது. பரிபூரணமடையன்னா பரிசுத்தம்னு நினைப்பாங்க, அதுவும் இங்க நிறைய இருக்கிறதுதான். இந்த மூணையும் போற போக்குல இன்னைக்கு பேசுற தமிழ்ல சொல்லிட்டு போயிடுங்க, நின்னு விளக்காதீங்க.

அடுத்து நாலு நிமிஷம் 13, தொங்கவிட்ட கேள்விக்கு இப்ப பதில். ‘எல்லாவற்றையும்’னா 12ல எண்ணின எல்லாம், திருப்தி, பட்டினி, நிறைவு, குறைவு. கடைசி மூணு நிமிஷம் 14. மேரியக்கா கிட்ட அந்த அம்மா கேட்ட கேள்விக்கு பதில் அங்க கிடைக்கணும்.

மூணுபாயிண்ட் எழுதியது:

அப்போ ஆபகூக், யோபு, தாவீது எல்லாம் அவுட்டா? ஒத்த வசனம் இல்லாம வேதத்த வேதத்தால விளக்குறது எப்படி? அப்போஸ்தலர் 16 ஆவது இருக்கட்டும், அதே பிலிப்பி பட்டணத்து ஜெயில், குழந்தைங்க கதை கேக்கும்.

ஆலமரநிழல் எழுதியது:

ஆபகூக் அழகு, ஆனா வேற மரம். அத்திமரத்த விளக்க ரெண்டு நிமிஷம் போகும். 16ஆம் அதிகாரம்தான் நெஞ்ச தொடுற மாதிரி இருக்கும், ஏன்னா அன்னைக்கு விசுவாசியான அந்த சிறைச்சாலைக்காரனே இந்த கடிதம் வாசிக்கும்போது உக்காந்திருக்கலாம். ஆனா பூமி அதிர்ச்சி, கதவு திறக்குறதுன்னு போனீங்கன்னா சபை அந்த கதைக்குள்ள போயிடும், திரும்ப கூட்டிட்டு வர முடியாது. அதுல வேற ஒரு சிக்கல், அங்க விலங்கு கழண்டுது, இங்க கழளல. கதைய பெருசா சொன்னா “அப்போ ஏன் இங்க கழளல”ன்னு கேள்வி வரும். ஒரே வாக்கியம் போதும்.

பாட்டுக்காரி எழுதியது:

எனக்கு இதுல ஒத்துக்க முடியல ஐயா. பிள்ளைங்க ஏழு நிமிஷம் கற்றுக்கொண்டேன் கற்றுக்கொண்டேன்னு கேட்டுட்டு இருக்காது. கதை இல்லாட்டி கீழ உக்காந்து நோட்டு கிழிக்கும். விலங்கு கழண்டதையும் கழளாததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சொன்னா அதுதான் பெரிய செய்தி.

மேரியக்கா எழுதியது:

பிள்ளைங்களுக்கு நான் கைய காட்டுவேன். ஒரு கைய விரிச்சு காலின்னு காட்டுறது, இன்னொரு கைய குவிச்சு நிறைஞ்சதுன்னு காட்டுறது, தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும். பொருள் ஒண்ணும் வேண்டாம். 12 வாசிக்கும்போது ஒரு தடவ, 13ல ரெண்டு கையையும் சேத்து ஒரு தடவ. பெரியவங்களும் பாப்பாங்க, யாரும் சின்னப்பிள்ளைத்தனம்னு சொன்னதில்ல.

புதுப்பேனா எழுதியது:

எல்லாத்தையும் வெச்சு திரும்ப எழுதினேன். ஒன்பது பக்கம் நாலரை ஆச்சு. நான் நிதானமா பேசினா நிமிஷத்துக்கு நூறு வார்த்தை கிட்ட வருது, அதனால 2000 வார்த்தைக்கு மேல இருந்தா பேசிப் பாக்காமலே கூடுதல்னு புரிஞ்சுது. ரெக்கார்ட் பண்ணா 24 நிமிஷம். ஆரம்பம் ரெண்டு நிமிஷம்னு நினைச்சது அஞ்சு ஆகுது, ஏன்னு தெரியல.

ஆலமரநிழல் எழுதியது:

ரெக்கார்ட கேட்டுப் பாருங்க, வணக்கம், நன்றி, “இந்த வேளையில ஒரு வார்த்தை பேச கிடைத்த சிலாக்கியத்துக்காக”, ஜெபம், தலைப்ப ரெண்டு தடவ சொல்றது, இதுல மூணு நிமிஷம் போயிருக்கும். ஜெபத்த வாசிப்புக்கு முன்னாடி சுருக்கமா வையுங்க. இன்னொண்ணு, தாள் ஓரத்துல நேரம் எழுதுங்க: 6 நிமிஷத்துல வாசிப்பும் காட்சியும் முடிஞ்சிருக்கணும், 13 நிமிஷத்துல 12ஆம் வசனம் முடிஞ்சிருக்கணும். 11, 12 பகுதிக்குள்ள ரெண்டு பத்திய பென்சில்ல கட்டம் போட்டு வெச்சுக்கோங்க. நேரம் தாண்டினா அந்த ரெண்டையும் வாசிக்காம தாண்டணும். கட்டம் முடிவுரையில இருக்கக் கூடாது, நேரம் போனா எல்லாரும் முடிவுரையத்தான் விழுங்குவாங்க, இங்க முடிவுரையிலதான் 14 இருக்கு.

கிரேக்கமாணவன் எழுதியது:

தாள பாத்து வாசிக்கிறத பத்தி யாரும் பேசலையே. தாள் இருந்தா கண்ணு சபை மேல இருக்காது. குறிப்பு மட்டும் வெச்சு பேசுறதுதான் நல்லது.

மூணுபாயிண்ட் எழுதியது:

இதுல நான் கிரேக்கமாணவன் பக்கம். எழுதி வாசிச்சா செய்தி மாதிரி இருக்காது, செய்தித்தாள் மாதிரி இருக்கும்.

ஆலமரநிழல் எழுதியது:

அனுபவம் உள்ளவங்களுக்கு சரி. முதல் பத்து தடவ இருபது நிமிஷத்துக்குள்ள குறிப்ப மட்டும் வெச்சு முடிச்சவங்கள நான் பாத்ததில்ல, நானும் முடிச்சதில்ல.

புதுப்பேனா எழுதியது:

முடிஞ்சுது, வந்து சொல்லணும்னு தோணுச்சு. 21 நிமிஷம் 40 வினாடி. 13ஆவது நிமிஷத்துல கடிகாரத்த பாத்தேன், இன்னும் 12லயே நின்னுட்டு இருந்தேன், கட்டம் போட்டதுல ஒண்ண தாண்டினேன், யாருக்கும் தெரியல. 16ஆம் அதிகாரம் ஒரே வாக்கியமாத்தான் சொன்னேன், சொல்லும்போது பாட்டுக்காரி சிஸ்டர் ஞாபகம் வந்துச்சு, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமோன்னு இப்பவும் இருக்கு.

வாழ்ந்திருக்கவும்ங்கிற இடத்துல சபை ரொம்ப அமைதி ஆயிடுச்சு, அது நல்ல அமைதியா கெட்ட அமைதியான்னு தெரியல. முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்து, 13க்கு நீங்க சொன்ன அர்த்தம் புதுசா இருக்கு, ஆனா எனக்கு பழைய அர்த்தம்தான் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு போனார். ஒரு சின்ன பொண்ணு மட்டும் வாசல்ல என்ன பாத்து ஒரு கைய விரிச்சு ஒரு கைய குவிச்சு காட்டிட்டு ஓடிட்டா.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அந்த பெரியவர் கிட்ட 12 வாசிச்சு காட்டினீங்களா?

புதுப்பேனா எழுதியது:

இல்ல, அடுத்த வாரம் பாப்பேன். மேரியக்கா, நீங்க சொன்ன அந்த அம்மாவ அப்புறம் பாத்தீங்களா?

மேரியக்கா எழுதியது:

பாத்தேன். 14ஆம் வசனத்த தனியா வாசிச்சு காமிச்சேன். திரும்ப ஒரு தடவ வாசிக்க சொன்னாங்க. மகன் கிட்ட கேட்டாங்களான்னு நான் கேக்கல.